பிள்ளை பேருல காணி இருக்கா? விக்கிறதுக்கு முன்னாடி கோர்ட் அனுமதி எப்படி எடுக்கிறது

அப்பா தவறிட்டாரு, உறுதி இன்னும் அவரு பேருலதான் இருக்கு, அம்மா ஹட்டன் வீட்ட வித்துட்டு கண்டிப் பக்கம் போயிரலாம்னு பார்க்கிறாங்க, வாங்குறதுக்கும் ஆள் ரெடியா நிக்கிறாரு. அப்பதான் நொத்தாரிசு பிள்ளைங்களோட வயச கேட்டுட்டு பேனாவ கீழ வச்சிருவாரு. "நான்தானே அம்மா, நான் கையெழுத்து வச்சா போதாதா"ன்னு கேக்காத ஆளே இல்ல. போதாது. ஏன் போதாது, அதுக்கு என்ன செய்யணும்னு ஒரு குடும்பத்தோட கணக்க வச்சே சொல்றேன், மலையகத்துல ரொம்ப வர்ற கேஸ் இதுதான்.

முதல்ல யாருக்கு எவ்வளவுன்னு பார்ப்போம். நம்ம மலையகத் தமிழ் ஆளுங்களுக்கு தேசவழமை கிடையாது, அது யாழ்ப்பாணத்து ஆளுங்களுக்கு உள்ளது. நமக்கு பொதுச் சட்டம்தான், 1876ஆம் ஆண்டு திருமண உரிமை, வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம். மரண சாசனம் எழுதாம புருஷன் செத்துட்டா சொத்துல பாதி மனைவிக்கு, மத்த பாதி பிள்ளைங்களுக்கு சமமா. (முஸ்லிம் குடும்பங்களுக்கும் கண்டியச் சட்டத்துல வர்ற சிங்களக் குடும்பங்களுக்கும் பங்குக் கணக்கு வேற, அவங்க இந்தக் கணக்க அப்படியே எடுத்துக்காதீங்க.) உறுதியில அப்பா பேரு இருந்தாலும் அவரு கண்ண மூடின அன்னைக்கே பங்கு இவங்களுக்குப் போயிருச்சு.

நம்ம உதாரணத்துல மூணு பிள்ளைங்க, பெரியவனுக்கு 20 வயசு, நடுவுல உள்ளவளுக்கு 15, கடைசிக்கு 11. வீடும் 12 பேர்ச் காணியும் 90 லட்சத்துக்கு பேசியிருக்கு. அம்மாவுக்கு பாதி, 45 லட்சம். மிச்சப் பாதிய மூணா பிரிச்சா ஆளுக்கு ஆறுல ஒரு பங்கு, 15 லட்சம். அம்மா தன் பங்க யாரையும் கேக்காம விக்கலாம், பெரியவனும் அப்படித்தான், ஏன்னா இலங்கையில 18 முடிஞ்சா அவன் மேஜர். சிக்கல் மத்த ரெண்டு பிள்ளைங்களோட பங்குலதான், அதாவது மொத்தத்துல மூணுல ஒரு பங்குல. அந்தப் பங்க அம்மா விக்க முடியாது, தாத்தா விக்க முடியாது, மாமா சித்தப்பா யாரும் விக்க முடியாது, அந்தப் பிள்ளைங்களும் கையெழுத்து வைக்க முடியாது. பிள்ளைய வளர்க்கிற உரிமை ஒண்ணு, அது பேருல உள்ள காணிய கைமாத்துற அதிகாரம் வேற ஒண்ணு. ரெண்டாவதுக்கு கோர்ட் கட்டளை வேணும். நம்ம நாட்டுல இது ரோமன் டச்சுச் சட்டத்துல இருந்தே வர்ற விதி, செய்ற முறை குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில 40ஆவது அத்தியாயத்துல இருக்கு. விக்கிறதுக்கு மட்டும்னு நினைக்காதீங்க, பேங்க்ல ஈடு வைக்கிறதுக்கும் இதே கதைதான்.

இன்னொரு வகை கேஸும் நிறைய வருது. அப்பா உயிரோட இருக்காரு, ஆனா அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஆசையா பிள்ளை பேருல காணி வாங்கிட்டாரு, இல்லன்னா தன் காணிய நன்கொடை உறுதி போட்டு எழுதிட்டு தனக்கு சீவிய உரித்த மட்டும் வச்சுக்கிட்டாரு. இப்ப கடன் வந்துருச்சு, விக்கணும். "என் காசுலதானே வாங்கினேன்"ங்கிற பேச்சு இங்க எடுபடாது. எழுதிக் குடுத்து ஏத்துக்கிட்டாச்சுன்னா அது பிள்ளையோட சொத்து, சீவிய உரித்து உள்ளவரு இருந்து அனுபவிக்கலாமே தவிர காணிய விக்க முடியாது. அவரும் இதே வழியிலதான் கோர்ட்டுக்கு வரணும், அதுலயும் "என் கடன அடைக்க"ன்னு காரணம் சொன்னா நீதிபதி ஏத்துக்கிற வாய்ப்பு ரொம்பக் குறைவு, ஏன்னா கடன் அப்பாவுது, காணி பிள்ளையோடது.

கோர்ட்டுக்கு ஓடுறதுக்கு முன்னாடி கையில உள்ள கடதாசி என்னன்னு பாருங்க. நான் சொல்றது எல்லாம் தனியார் உறுதி உள்ள காணிக்கு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துல குடுத்த பெர்மிட், இல்லன்னா அளிப்புக் காணின்னா அதுக்கு பிரதேச செயலாளரோட முன் அனுமதி, பின்னுரித்தாளர் நியமனம்னு தனிப் பாதை இருக்கு, அங்க மேல சொன்ன பாதிக்குப் பாதி கணக்கே ஓடாது. தோட்டத்துல குடுத்த ஏழு பேர்ச் வீட்டு உறுதின்னா அதுல என்னென்ன நிபந்தனை போட்டிருக்குன்னு ஒரு வரி விடாம வாசிங்க. லயத்து வீட்ட பத்தி சொல்லவே வேணாம், அது உங்க பேருல இல்லவே இல்ல.

சரி, தனியார் உறுதிதான். இப்ப கடதாசி சேர்க்கிற வேலை, இதுலதான் நம்ம பக்கத்து ஆளுங்க மாசக் கணக்குல மாட்டிக்கிறாங்க. அப்பாவோட மரணச் சான்றிதழ், அம்மா அப்பா கல்யாணச் சான்றிதழ், மூணு பிள்ளைங்களோட பிறப்புச் சான்றிதழ், உறுதி, நில அளவைப் படம், காணிப் பதிவகத்துல எடுத்த பதிவுப் பிரதி. லிஸ்ட் சின்னதுதான். ஆனா தோட்டத்துப் பிறப்புப் பதிவுகள்ல அப்பா பேரு ஒரு பிள்ளைக்கு ஒரு மாதிரி, அடுத்த பிள்ளைக்கு வேற மாதிரி இருக்கும், உறுதியில மூணாவது மாதிரி இருக்கும், தாத்தா பேரு முன்னாடியும் பின்னாடியும் மாறியிருக்கும். சின்ன எழுத்து வித்தியாசம்னா ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு சத்தியக் கடதாசி போட்டு சமாளிக்கலாம், முழுப் பேரே வேறன்னா பதிவாளர்கிட்ட திருத்தம் செஞ்சுட்டுத்தான் வரணும். கல்யாணம் பதிவே செய்யலன்னா அது அதைவிடப் பெரிய தலைவலி, அம்மாவோட பாதிப் பங்கே கேள்வியாயிரும், அத லோயர்கிட்ட முதல் நாளே சொல்லிருங்க, ஒளிக்காதீங்க. ஜி.எஸ். குடுக்கிற வாரிசுக் கடிதம் உதவியா இருக்கும், ஆனா அது உரிமைக்கான ஆதாரம் இல்ல, அத வச்சு யாரும் காணி விக்க முடியாது.

கூடவே லோயர் இன்னொண்ணையும் பார்ப்பாரு, செத்தவரோட சொத்துக்கு மரண சாசன வழக்கு, அதாங்க டெஸ்டமென்ட்ரி கேஸ், போடணுமான்னு. சொத்தோட மதிப்பு சட்டம் வச்சிருக்கிற அளவத் தாண்டினா அது கட்டாயம், அப்ப அந்த வேலையும் பிள்ளைங்களோட அனுமதியும் எந்த வரிசையில போகணும்னு அவருதான் முடிவு பண்ணணும். ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுராதீங்க. டெஸ்டமென்ட்ரி கேஸ் முடிஞ்சு நிர்வாகக் கடிதம் கையில இருக்குன்னு சொல்லி பிள்ளைங்களோட பங்க அம்மா தன் இஷ்டத்துக்கு வித்துர முடியாது.

வழக்கு மாவட்ட நீதிமன்றத்துல. மனு ஒண்ணு, அதுக்குத் துணையா சத்தியக் கடதாசி ஒண்ணு. கேக்கிறது ரெண்டு விஷயம். ஒண்ணு, பிள்ளைங்களோட சொத்துக்கு தன்ன கியூரேட்டரா, அதாவது சொத்துப் பாதுகாவலரா, நியமிச்சு சான்றிதழ் தரச் சொல்லி. ரெண்டாவது, இன்ன காணிய இன்ன காரணத்துக்காக இன்ன விலைக்குக் குறையாம விக்க அனுமதி தரச் சொல்லி. முதலாவது கிடைச்சதும் ரெண்டாவதும் கிடைச்சிருச்சுன்னு நினைச்சு நேரா நொத்தாரிசுகிட்ட போறவங்க இருக்காங்க. கியூரேட்டர் சான்றிதழ்ங்கிறது சொத்தப் பார்த்துக்கிற அதிகாரம், வாடகை வாங்கலாம், கூரை மாத்தலாம், வரி கட்டலாம். விக்கிறதுக்கு கோர்ட் தனியா, வெளிப்படையா, முன்கூட்டியே கட்டளை குடுத்திருக்கணும்.

நம்ம பக்கத்துல மனு பெரும்பாலும் சிங்களத்துலயோ இங்கிலீஷ்லயோதான் வரும். கையெழுத்து வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பந்தியையும் தமிழ்ல சொல்லச் சொல்லிக் கேளுங்க. சத்தியக் கடதாசியில உள்ளது நீங்க சத்தியம் பண்ணிச் சொன்னது, நாளைக்கு நீதிபதி "வீட்டுக்கு மாச வாடகை எவ்வளவு வருது"ன்னு கேக்கும்போது நீங்க ஒண்ணு சொல்லி கடதாசி வேற ஒண்ணு சொன்னா அங்கேயே நம்பிக்கை போயிரும்.

மனுவோட உயிர் எதுலன்னா காரணத்துல. நீதிபதி பார்க்கிறது ஒரே பக்கம்தான், இந்த விற்பனையால பிள்ளைக்கு என்ன நன்மை, இல்லன்னா பிள்ளைக்கு என்ன அவசியம். "எனக்கு கஷ்டம்"னு அம்மா எழுதினா அது அம்மாவோட கஷ்டம். அதையே, மண்சரிவு அபாயம்னு வீட்டுக்கு நோட்டீஸ் வந்திருக்கு, அதோட பிரதி இது, வீடு பூட்டிக் கெடக்கு, கூரைத் தகரம் போயிருச்சு, வாடகை வரல, பிள்ளைங்க கண்டியில அம்மாச்சி வீட்ல இருந்து படிக்கிறாங்க, இந்தக் காசுல அங்க ஒரு வீடு வாங்கினா அவங்களுக்கே பங்கு வரும்னு கடதாசியோட காட்டினா அது பிள்ளைங்களோட நன்மை. பிள்ளையோட ஆஸ்பத்திரிச் செலவு, படிப்புச் செலவு, செத்த அப்பா அந்தக் காணி மேல வச்சிட்டுப் போன ஈட்டுக் கடன், இதெல்லாம் அவசியம்னு காட்டக்கூடியது. ஒவ்வொண்ணுக்கும் பில், கடிதம், பேங்க் கணக்குன்னு ஏதாவது பின்னாடி இருக்கணும்.

அடுத்தது விலை. வாங்குறவரு சொன்ன விலைதான் சரியான விலைன்னு கோர்ட் நம்பாது. பதிவு செஞ்ச மதிப்பீட்டாளரோட ரிப்போர்ட் வேணும். அவரு 90 லட்சம்னு எழுதியிருக்கும்போது நீங்க 70க்கு அனுமதி கேட்டா, அதுவும் வாங்குறவரு அம்மாவோட சொந்த அண்ணன்னா, கேள்வி வரத்தான் செய்யும். இங்க இன்னொரு சங்கடமும் இருக்கு, அம்மாவும் அதே காணியில பாதிக்கு பங்குகாரி, அவங்களுக்கும் இந்த விற்பனையில லாபம் இருக்கு. அதனால பிள்ளைங்கள மனுவுல பிரதிவாதிகளா போட்டு, அவங்களுக்காகப் பேச வேற ஒருத்தர, பெரும்பாலும் சொந்தக்காரர, வழக்குக்கு மட்டும் பாதுகாவலரா நியமிக்கிறதுண்டு. அவரு பேருக்கு வந்து தலையாட்டிட்டுப் போற ஆளா இருக்கக் கூடாது. 15 வயசு மகள நீதிபதி நேர்ல கூப்பிட்டு ரெண்டு கேள்வி கேக்கவும் கூடும், பயப்பட ஒண்ணும் இல்ல.

இப்ப பணத்துக்கு வருவோம், சண்டை வர்ற இடம் இதுதான். கட்டளையில பெரும்பாலும் பிள்ளைங்களோட பங்குப் பணத்த அவங்க பேருல வைப்பிலிடச் சொல்லி இருக்கும், 18 வயசு வரைக்கும் முதல எடுக்க முடியாது, தேவைன்னா வட்டிய செலவுக்கு எடுக்க கோர்ட்ட கேக்கலாம். நம்ம உதாரணத்துல ரெண்டு பிள்ளைங்களுக்கும் சேர்த்து 30 லட்சம். ஆனா அம்மாவுக்கு அந்தப் பணமும் சேர்ந்தாத்தான் கண்டி வீடு வாங்க முடியும்னு வைங்க. அந்த வீடு 80 லட்சம். அம்மா 45, பெரியவன் 15, மொத்தம் 60 ஆச்சு, இன்னும் 20 வேணும். அந்த 20 லட்சத்த ரெண்டு சின்னப் பிள்ளைங்களோட பணத்துல இருந்து, ஆளுக்கு 10 லட்சமா, எடுக்க அனுமதி கேக்கலாம், மிச்சம் ஆளுக்கு 5 லட்சம் பேங்க்ல போடுறோம்னு மனுவுலயே எழுதணும். அப்படின்னா புது வீட்டு உறுதியில அவங்க பேரும் வரணும், போட்ட பணத்துக்கு ஏத்த பங்கோட. 80 லட்சத்த பதினாறு பங்கா பிரிச்சா ஒரு பங்கு 5 லட்சம், அம்மாவுக்கு ஒம்போது பங்கு, பெரியவனுக்கு மூணு, சின்னதுங்களுக்கு ரெண்டு ரெண்டு. "பிள்ளைங்க பேரெல்லாம் எதுக்கு, உறுதி என் பேருல இருக்கட்டும், நான் அவங்களுக்குத்தானே விட்டுட்டுப் போகப் போறேன்"னு சொன்னா மனு அந்த இடத்துலயே நின்னுரும். நாளைக்கு அம்மா அந்த வீட்ட ஈடு வச்சா, இல்ல மறுகல்யாணம் பண்ணிக்கிட்டா, பிள்ளைங்களோட 20 லட்சம் எங்கன்னு யாரு தேடுறது? இன்னொண்ணும் இருக்கு, புது வீட்லயும் மைனர் பங்கு இருக்கிறதால, ரெண்டு வருஷத்துல அதையும் விக்கணும்னா திரும்பவும் கோர்ட்டுக்குத்தான் வரணும். வாங்கும்போதே அந்த யோசனையும் இருக்கணும்.

வாங்குறவர்கிட்ட எப்படி நடந்துக்கிறதுன்னும் சொல்லணும். ஆள் ஓடிருவாருன்னு பயந்து பெரிய அட்வான்ஸ் வாங்கிட்டு, மூணு மாசத்துல உறுதி முடிச்சுத் தர்றேன்னு அக்ரிமெண்ட் எழுதுறாங்க. கோர்ட் தவணை உங்க மூணு மாசத்துக்காக நிக்காது, நீதிபதி மாறலாம், மதிப்பீட்டு ரிப்போர்ட் பத்தலன்னு தள்ளிப் போகலாம், கடைசியில அனுமதியே கிடைக்காமலும் போகலாம். அதுக்குள்ள அட்வான்ஸ் செலவாகி இருக்கும், வாங்குறவரு நஷ்ட ஈடு கேப்பாரு. கோர்ட் அனுமதி கிடைச்சாத்தான் விற்பனை, கிடைக்கலன்னா அட்வான்ஸ அப்படியே திருப்பிக் குடுக்கிறதுன்னு தெளிவா எழுதுங்க, அட்வான்ஸும் சின்னதா இருக்கட்டும். அதுக்கு ஒத்துக்காத ஆளா இருந்தா வேற ஆள் பார்க்கிறது நல்லது.

அம்மா வெளிநாட்டுல, குவைத், சவுதின்னு வேலைக்குப் போயிருந்தா ஒரு தப்பு கட்டாயம் நடக்கும். தன் தம்பிக்கு அட்டோர்னி தத்துவம் அனுப்பி, அத வச்சு முழுக் காணியையும் விக்கச் சொல்லுவாங்க. அந்தத் தத்துவம் அம்மாவோட பாதிக்கு செல்லும். பிள்ளைங்களோட பங்குக்கு செல்லாது, அம்மாகிட்டயே இல்லாத அதிகாரத்த அவங்க எப்படி தம்பிக்குக் குடுக்க முடியும். இப்படி இருந்தா இங்க பிள்ளைங்கள வச்சுப் பார்த்துக்கிற அம்மாச்சியோ தாத்தாவோ கியூரேட்டரா விண்ணப்பிக்கிறது சுலபம், அம்மா தன் சம்மதத்த தூதரகத்துல உறுதிப்படுத்தின கடதாசியா அனுப்பலாம்.

கட்டளை கிடைச்சிருச்சுன்னா அத வாசிங்க, கடைசி வரி வரைக்கும். எந்தக் காணி, எவ்வளவு பரப்பு, குறைஞ்சது என்ன விலை, பணம் எங்க போகணும்னு அதுல இருக்கும். வாங்குறவரு கடைசி நேரத்துல "பாதை குறுகல், அஞ்சு லட்சம் குறைச்சுக்கலாம்"னு பேரம் பேசினா உங்க இஷ்டத்துக்கு தலையாட்ட முடியாது, கட்டளையில உள்ள விலைக்குக் கீழ போனா அந்த உறுதி கட்டளைக்கு வெளியில போயிரும். திரும்ப கோர்ட்டுக்குப் போய் திருத்தம் கேக்கணும். உறுதியில அம்மா தனக்காக ஒரு கையெழுத்து, கியூரேட்டரா இன்னொரு கையெழுத்து, பெரியவன் தன் கையெழுத்து. வழக்கு இலக்கம், கட்டளைத் தேதி ரெண்டும் உறுதிக்குள்ள எழுதியிருக்கணும், கட்டளையோட உறுதிப்படுத்தின பிரதிய வாங்குறவரு தன் உறுதியோட சேர்த்து பத்திரமா வச்சுக்கணும். கட்டளைத் தேதி முதல்ல, உறுதித் தேதி பிறகு. மாறி இருந்தா எல்லாம் வீண்.

இத எல்லாம் செய்யாம சத்தம் இல்லாம வித்துட்டா என்ன ஆகும்னு கேப்பீங்க. முதல் பத்து வருஷம் ஒண்ணும் ஆகாத மாதிரிதான் இருக்கும். அப்புறம் அந்த 11 வயசுப் பிள்ளை வளர்ந்து வந்து என் பங்கு எங்கன்னு கேஸ் போட்டா, அந்தப் பங்கப் பொறுத்தவரைக்கும் வாங்கினவரோட உறுதி நிக்காது. பத்து வருஷம் ஆண்டுட்டேன், ஆட்சி உரிமை வந்துருச்சுன்னு வாங்கினவரு சொல்லலாம், ஆனா பிள்ளை மைனரா இருந்த காலத்துல அந்தப் பத்து வருஷக் கணக்கு அதுக்கு எதிரா ஓடாது.

அதனால காணி வாங்குறவங்களும் பழைய உறுதிகளப் பார்க்கும்போது ஒரு வேலை செய்யணும். கையெழுத்து வச்ச ஒவ்வொருத்தரோட பிறந்த தேதியையும் உறுதித் தேதியோட வச்சுப் பாருங்க. 1989ல சட்டம் திருத்துற வரைக்கும் இங்க மேஜர் வயசு 21, 18 இல்ல. 1985ல 19 வயசுல ஒருத்தர் எழுதின உறுதி இப்ப பார்க்க சரியாத் தெரியும், அன்னைக்கு அவரு மைனர். இத கவனிக்காம விடுற நொத்தாரிசுகளும் இருக்காங்க.

பிள்ளைக்கு 17 தாண்டியிருந்தா, அவசரமும் இல்லன்னா, என் அபிப்பிராயம் பேசாம இருங்க. கேஸ் போட்டு முடியிறதுக்குள்ள 18 ஆயிரும், அதுக்கப்புறம் அந்தப் பிள்ளையே நொத்தாரிசு முன்னால தன் கையெழுத்த வைக்கலாம், கோர்ட் வேணாம். நம்ம உதாரணத்துல கடைசிக்கு 11 வயசு, அதனால அங்க காத்திருக்க வழி இல்ல.

வித்து முடிஞ்சதும் வேலை தீர்ந்துராது. பிள்ளைங்க பணத்த வைப்பிலிட்ட ரசீது, புது வீட்டு உறுதியோட பிரதி ரெண்டையும் லோயர் மூலமா வழக்குக் கோப்புல போடணும், கோர்ட் கணக்குக் கேட்டா கியூரேட்டர் காட்டணும், அதனால பிள்ளைங்க பணத்துல எடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பில்ல ஒரு ஃபைல்ல போட்டு வைங்க. வழக்கு இலக்கத்த ஃபைல் மேலேயே பெருசா எழுதிருங்க. நடுவுல உள்ளவளுக்கு இன்னும் மூணு வருஷத்துல 18 முடியும், அப்ப அவ அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் எடுத்துக்கிட்டு தன் 5 லட்சத்தையும் அது மேல சேர்ந்த வட்டியையும் விடுவிக்கச் சொல்லி அதே இலக்கத்துலதான் கேக்கணும்.